பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பவர் யார்?

திருவனந்தபுரத்தில் வணிகவியல் பயிலும் மாணவர்களின் வகுப்பு ஒன்றில் அரைமணி நேரம் பேசுமாறு அண்மையில் நம்மை அழைத்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது எதிர்த்தரப்பு நிறுவனத்தின் சட்டப்பூர்வமான அடையாளத்தை ஏன் எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும் என்பதே பேச்சின் பொருள். வகுப்பில் கூறியவற்றுள் வங்கி வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதியை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

முதற் சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. ‘நிறுவனம்’ என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு உயிரினங்களைக் குறித்துவிடுகிறோம். பேச்சு வழக்கில் ‘கம்பெனி’ என்கிறோம், அதுவும் அப்படித்தான். தனி ஒருவர் ஒரு பெயரை வைத்துக்கொண்டு நடத்தும் கடையும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் கூட்டாண்மையும், எல்.எல்.பி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையும், கம்பெனிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவான பிரைவேட் லிமிடெட்டும் தெருவில் நடந்து செல்பவர் கண்ணுக்கு ஒரே மாதிரியான பலகைகளே. சட்டத்தின் கண்ணுக்கோ முதலிரண்டும் தனியாக ஓர் ஆளே அல்ல. பின்னிரண்டும் உரிமையாளர்களிடமிருந்து வேறான, தமக்கென்று சொத்தும் கடனும் உடைய ஆட்கள். கூட்டாண்மை தன் பங்காளிகளிலிருந்து வேறான சட்டப்பூர்வ நபர் அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 1956-லேயே துலிசந்த் லட்சுமிநாராயண் வழக்கில் கூறிவிட்டது. தனியுரிமைக் கடையின் பெயர் உரிமையாளரின் இன்னொரு பெயர் மட்டுமே. வழக்கில் உண்மையான தரப்பு அந்த உரிமையாளரே என்று 1998-ல் அசோக் டிரான்ஸ்போர்ட் ஏஜென்சி வழக்கில் கூறியது.

இதை விளக்க ஒரு கற்பனைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினோம். இடம் மட்டும் உண்மையானது: தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்திவரும் சாலைக் கடைத்தெரு. அங்கே ‘க’ டிரேடர்ஸ் என்றொரு கடை. முப்பது ஆண்டுகளாகத் தந்தை தம் சொந்தப் பெயரில் நடத்திவரும் தனியுரிமை வணிகம் அது. கடைக் கட்டடமும் அவருடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மகன்கள் அதே மாடியில் ‘க’ டிரேடர்ஸ் பிரைவேட் லிமிடெட் என்ற கம்பெனியைப் பதிவு செய்தார்கள். அதன் செலுத்தப்பட்ட மூலதனம் ஒரு லட்சம் ரூபாய். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தபட்சம் ஒரு லட்சமாவது மூலதனம் வேண்டும் என்ற விதி 2015-ல் நீக்கப்பட்டதால், அந்த ஒரு லட்சமும் இன்று கட்டாயமில்லை. கீழே பலகை ஒன்றுதான். தொலைபேசி எண்ணும் ஒன்றுதான்.

நாகர்கோவில் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் இவர்களுக்குக் கடனில் அரிசி தர ஒப்புக்கொள்கிறார். ஒப்பந்தத்தின் முதல் வரியில் ‘க’ டிரேடர்ஸ், சாலை, திருவனந்தபுரம் என்று மட்டும் எழுதுகிறார்கள். மூத்த மகன் கையெழுத்திடுகிறார். கையெழுத்தின்கீழ் எந்தப் பதவியும் இல்லை. ஆறு லட்சம் ரூபாய்க்கு அரிசி போகிறது. பணம் வரவில்லை. பல முறை கேட்டபின் காசோலை ஒன்று வருகிறது. அதில் அச்சாகியிருப்பது கம்பெனியின் பெயர். வங்கியில் செலுத்தினால் கணக்கில் போதிய பணமில்லை என்று திரும்புகிறது.

இப்போது ஆறு லட்சம் கடன்பட்டவர் யார் என்று மாணவர்களைக் கேட்டோம். பாதி வகுப்பு தந்தை என்றது. மீதி கம்பெனி என்றது. ஒரு மாணவி மட்டும், “அது ஒப்பந்தத்தைப் பார்த்தால் தெரியாதே” என்றார். அவர் சொன்னதே சரி.

தந்தை வந்து, “மகனுக்கு என் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரவில்லை, காசோலையும் என்னுடையதல்ல” என்பார். கம்பெனி, “ஒப்பந்தத்தில் எங்கள் பெயரே இல்லை” என்று சொல்லும். விலைப்பட்டியல், லாரி ரசீது, காசோலை என்று ஒவ்வொன்றாகக் காட்டி நீதிமன்றத்தில் ஆலைக்காரர் உண்மையை நிறுவிவிடலாம். ஆனால் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்திற்கு நாகர்கோவிலிலிருந்து அவர் எத்தனை முறை வந்து போக வேண்டியிருக்கும் என்பதை வழக்காடியவர்கள் அறிவார்கள். விடை எதுவோ அதைப் பொறுத்து அவர் கையில் கிடைப்பதும் மாறுகிறது. கடனாளி தந்தை என்றால் அவருடைய கட்டடம் உட்பட அவர் சொத்து அனைத்தும் தீர்ப்பை நிறைவேற்றக் கிடைக்கும். கடனாளி கம்பெனி என்றால் கம்பெனியின் கணக்கில் இருப்பது மட்டுமே. இயக்குநர்களின் வீட்டையோ தந்தையின் கட்டடத்தையோ சாதாரணமாகத் தொட முடியாது. 1896-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் சொன்ன அந்த எல்லைக்கோடு நம் நாட்டிலும் அடிப்படை விதியாக நிற்கிறது. கூட்டாண்மையாக இருந்தால் நிலை வேறு: 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பங்காளியும் முழுக் கடனுக்கும் பொறுப்பாளி.

ஆலைக்காரர் அடுத்து என்ன செய்வார்? காசோலை திரும்பிய கோபத்தில், தம்முன் கையெழுத்திட்ட மூத்த மகன் பெயருக்கு மட்டும் அறிவிப்பு அனுப்புவார். பிறகு அவர்மீது மட்டும் குற்றவியல் புகார் கொடுப்பார். மனித இயல்பு அது. முகம் தெரிந்தவர்மேல்தான் கோபம் வரும், கம்பெனிக்கு முகமில்லை.

இதே பிழை உச்ச நீதிமன்றம் வரை சென்ற கதையை அனிதா ஹாடா எதிர் காட்பாதர் டிராவல்ஸ் வழக்கில் காணலாம். பயண நிறுவனம் ஒன்றின் சார்பில், கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகைக்குக் காசோலை தந்தார். அது திரும்பியது. புகாரில் கையெழுத்திட்டவர் மட்டும் எதிரியாகச் சேர்க்கப்பட்டார், கம்பெனி சேர்க்கப்படவில்லை. செலாவணி முறிச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு, குற்றம் செய்தது கம்பெனியாக இருந்தால் அதை நடத்தியவர்களும் குற்றவாளிகளாகக் கருதப்படுவர் என்கிறது. கம்பெனியை விட்டுவிட்டு அந்த மற்றவர்களை மட்டும் தண்டிக்கலாமா என்பதே கேள்வி. 2008-ல் இருவர் அமர்வில் நீதிபதிகளின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. 2012 ஏப்ரலில் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது: காசோலையை வழங்கியவர் கம்பெனி, முதற் குற்றவாளி எதிரியாக நிறுத்தப்படாதபோது அவர் வழியாகப் பொறுப்பேற்பவர்மீது வழக்கு நிற்காது. வழக்கு ரத்தாயிற்று.

பிறகு கம்பெனியைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் காலக்கெடு குறுக்கே நிற்கிறது. காசோலை திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாள்களுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புக் கிடைத்தபின் பணம் செலுத்த எதிர்த்தரப்புக்கு 15 நாள் அவகாசம். அது முடிந்த ஒரு மாதத்திற்குள் புகார் தாக்கலாக வேண்டும். கம்பெனி பெயருக்கு அறிவிப்பே போகாதிருந்தால் இந்தச் சங்கிலியின் முதற் கண்ணியே இல்லை. 2019 ஜனவரியில் வேறொரு வழக்கில், இயக்குநருக்கு மட்டும் அறிவிப்பு அனுப்பியவர் பின்னர்க் கம்பெனியைச் சேர்க்க விரும்பியபோது உச்ச நீதிமன்றம் இதைக் காரணமாகக் காட்டியே மறுத்தது.

எல்லாப் பெயர்ப் பிழையும் இப்படி உயிரைக் குடிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். இல்லையேல் மாணவர்களைப் பயமுறுத்தியதாகிவிடும். தில்லியில் எழுந்த ஓர் உரிமையியல் வழக்கில், வழக்குத் தொடுத்தவர் கம்பெனி என்று எழுதுவதற்குப் பதிலாக இயக்குநரின் பெயரை வாதியாக எழுதிவிட்டார்கள். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் திருத்த அனுமதிக்கவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆள் யார் என்பதில் ஐயமில்லாதபோது பெயரை எழுதியதில் நேர்ந்த தவற்றைத் திருத்த விடவேண்டும் என்பது அதன் போக்கு. எழுத்துப் பிழை வேறு. ஆள் மாறாட்டம் வேறு. ‘பிரைவேட்’ என்ற சொல் ஓரிடத்தில் விட்டுப்போனாலும் ஆவணத்தின் பிற பகுதிகள் ஒரே ஆளையே சுட்டினால் நீதிமன்றம் இரங்கும். ஒரே கூரையின்கீழ் அந்தச் சொல் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு ஆட்கள் இருந்தால் அதுவே வழக்காகும். நம் சாலைக் கடைத்தெருக் கணக்கு இரண்டாம் வகை.

அப்படியானால் கையெழுத்துக்கு முன்பே ஆளை அடையாளம் காண்பது எப்படி? இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. தெருவில் நின்றபடியே தொடங்கலாம். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற்ற ஒவ்வொருவரும் கடை வாயிலில் உள்ள பெயர்ப்பலகையில் தம் பதிவு எண்ணைக் காட்டவேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. அந்த எண் பதினைந்து எழுத்துகள் கொண்டது. கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டினோம். நடைமுறையில் இல்லாத, மாதிரிக்கான எண் இது:

```
32AAACA0000A1Z5
```

முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வருமானவரித் துறை தந்த நிரந்தரக் கணக்கு எண். அந்தப் பத்தில் நான்காவது எழுத்து, அதாவது முழு எண்ணில் ஆறாவது எழுத்து, ஆள் எந்த வகை என்று சொல்லிவிடுகிறது. P என்றால் தனிமனிதர். தனியுரிமைக் கடைக்கு இதுவே வரும். F என்றால் கூட்டாண்மை. C என்றால் கம்பெனி. H இந்துக் கூட்டுக் குடும்பம், T அறக்கட்டளை. மேலே உள்ளது C. எல்.எல்.பி.க்களும் பெரும்பாலும் F-இன்கீழ் வந்துவிடுவதால் அங்கு மட்டும் இன்னொரு சோதனை வேண்டும்.

பலகையில் கண்ட எண்ணை வரித்துறையின் இணையதளத்தில் இட்டால் மூன்று வரிகள் தெரியும். `Legal Name of Business` என்பது உண்மையான ஆள். `Trade Name` என்பது பலகைப் பெயர். `Constitution of Business` என்பது வகை. தனியுரிமைக் கடையானால் முதல் வரியில் கடையின் பெயர் வராது. ஒரு மனிதரின் பெயர் வரும். ஒப்பந்தத்தில் எழுதவேண்டியது அந்தப் பெயரையே. கடைப்பெயரைப் பின்னால் சேர்க்கலாம். கம்பெனியாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 21 எழுத்துகள் கொண்ட CIN என்ற எண்ணை வைத்து, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்பதையும் பார்த்துவிடலாம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இந்த எண்ணையும் பதிவு அலுவலக முகவரியையும் கடிதத்தாளிலும் விலைப்பட்டியலிலும் அச்சிடச் சொல்கிறது. அவை இல்லாத கடிதத்தாளில் ஒருவர் தம்மைக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டால் நாம் இரண்டாம் முறை கேட்பதே முறை.

நம் ஆலைக்காரர் இதைச் செய்திருந்தால், கீழ்த்தளத்துப் பலகையில் உள்ள எண்ணின் ஆறாவது எழுத்து P என்றும், மகன் தந்த விலைப்பட்டியலில் உள்ள எண்ணில் அது C என்றும் பார்த்திருப்பார். அப்போதே கேள்வி பிறந்திருக்கும். கம்பெனியோடுதான் வணிகம் என்றால், ஒரு லட்ச ரூபாய் மூலதனத்துக்கு ஆறு லட்சம் கடன் தருவதா, அல்லது தந்தையை உத்தரவாதக்காரராகக் கையெழுத்திடச் செய்வதா என்று கையெழுத்துக்கு முன்பே முடிவெடுத்திருப்பார். நம் கருத்தில் இந்தச் சோதனையின் பெரும் பயன் இதுவே. வழக்கு வருமா வராதா என்பதற்கு முன்னதாக, யாருக்குக் கடன் தருகிறோம் என்று தெரிந்து தருகிறோம்.

கையெழுத்திடும் இடத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. இன்னாருக்காக என்று முதலில் நிறுவனத்தின் முழுப்பெயர், அடியில் கையெழுத்து, அதன்கீழ்க் கையெழுத்திட்டவர் பெயர், பிறகு உரிமையாளர், பங்காளி, இயக்குநர் ஆகியவற்றுள் எது என்ற பதவி. வங்கியில் காசோலைக்கு முத்திரையிடும்போது வாடிக்கையாளர்கள் இதைப் பழக்கமாகவே செய்கிறார்கள். ஒப்பந்தத்தில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள். கம்பெனியின் இயக்குநராக உள்ள வாசகர்களுக்கு இது தற்காப்பும்கூட. செலாவணி முறிச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, முகவராகத்தான் கையெழுத்திடுகிறோம் என்பதைக் காட்டாமல் கையெழுத்திட்டவர் தாமே பொறுப்பாளியாகிவிடலாம். கம்பெனியானால், இன்னாருக்கு அதிகாரம் தந்தோம் என்ற இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலைக் கேட்பதில் நாகரிகக் குறைவு ஏதுமில்லை. கணக்குத் திறக்கும்போது வங்கியும் அதைத்தான் கேட்கிறது. படிவங்களைக் கண்டு சலித்துக்கொள்ளும் வாடிக்கையாளர்கள், அதே கேள்விகளைத் தம் எதிர்த்தரப்பிடம் கேட்கத் தயங்குவது நமக்கு விந்தையாகவே படுகிறது.

கேள்வி எதிர்த்தரப்பைப் பற்றியது மட்டுமன்று. வாசகர் தாமே பங்காளிகளோடு வணிகம் செய்பவராயின், உங்கள் கூட்டாண்மை மாநிலத்தின் நிறுவனப் பதிவேட்டில் பதிவானதா என்று பாருங்கள். பதிவாகாத கூட்டாண்மை, தன் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வெளியார்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது 69-ஆம் பிரிவு. அதன்மீது மற்றவர் வழக்குத் தொடுக்கத் தடையில்லை. சிறு வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதன் வரம்பு 1932-ல் வைத்த நூறு ரூபாய்; இன்றும் அதே நூறு ரூபாய். தனியுரிமைக் கடைக்காரர்களுக்கும் ஒரு சொல்: கடைப்பெயரில் உங்கள்மீது வழக்குத் தொடுக்கலாம்; நீங்கள் தொடுப்பது உங்கள் சொந்தப் பெயரில்தான். ஆகவே ஒப்பந்தமும் அந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.

பேச்சு முடிந்தபின் ஒரு மாணவர் நல்ல கேள்வி கேட்டார். அவர் வீட்டின் அடமானப் பத்திரத்தில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் என்றிருக்கிறது. அந்த வங்கிதான் இப்போது இல்லையே, பத்திரம் செல்லுமா என்றார். இந்த நகரத்துக்கே உரிய கேள்வி. 1945-ல் திருவாங்கூர் பேங்க் லிமிடெட் எனத் தோன்றி, 1960-ல் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் ஆகி, பூஜப்புரையில் தலைமையகம் கொண்டிருந்த அந்த வங்கி, 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. பத்திரம் செல்லும். ஆள் மாறியதைச் சட்டமே எழுத்தில் செய்தது. பழைய வங்கியின் உரிமைகளும் கடமைகளும் புதியதற்குச் சென்றன. கம்பெனி தன் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் ஆளே மாறுவதில்லை. பெயர் மாறிய இரண்டு ஆண்டுகள் வரை பழைய பெயரையும் சேர்த்துக் காட்டவேண்டும். 1991-ல் ட்ரிவாண்ட்ரம் திருவனந்தபுரமானபோது ஊர் இடம் பெயர்ந்துவிடவில்லை அல்லவா? இதற்கு நேர்மாறானது தனியுரிமைக் கடை. தந்தை கடையை உறவினருக்கு விற்றுவிட்டால் பலகை அப்படியே இருக்கும். உள்ளே ஆள் மாறிவிடும். பழைய கடன் பழையவரோடே போகும். புதியவர் எழுத்தில் ஏற்றுக்கொண்டாலொழிய அவரிடம் கேட்க முடியாது. பெயர் மாறியும் ஆள் மாறாதது ஒன்று, பெயர் மாறாமலே ஆள் மாறிவிடுவது மற்றொன்று.

வகுப்பு கலைந்தபின் வேறொரு மாணவர் தாம் தங்கியிருக்கும் விடுதியின் வாடகை ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் காட்டினார். பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் என்று இருந்தது, CIN இல்லை, கையெழுத்தின்கீழ் ‘மேனேஜர்’ என்ற ஒரே சொல். முன்பணமாக நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். விடுதி வாயிலில் உள்ள பலகையைப் பார்த்துவரச் சொன்னோம். மாலையில் செய்தி அனுப்பினார்: எண் இருக்கிறது, ஆறாவது எழுத்து P.